மஞ்சள் பலகை இடம் மாறியது

ஐப்பசி, வெள்ளிக்கிழமை

தூக்கம் வரவில்லை. இன்று ஜங்ஷன் மேம்பாலத்தில் ஒரு பெண் அழுதுகொண்டு நின்றாள். பட்டினச்சேரிக்காரி. கண் ஆபரேஷன் முடிந்த புருஷனை ரயில் பெட்டியில் உட்கார வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்க இறங்கியிருக்கிறாள். போன் அவரிடம் இருக்கிறது.

"கடைசிப் பெட்டிங்க ஐயா. பின்னால மஞ்சப் பலகை தொங்குச்சு. அத அடையாளம் வச்சுத்தான் திரும்ப ஏறுனேன். அவரு இல்ல. வேற வண்டின்னு நெனச்சு இங்க ஓடியாந்துட்டேன்."

"எஞ்சினக் கழட்டுனாங்களா?"

"ஆமாங்க."

ரயிலில் கார்டு வேலை பார்த்தவனுக்கு அது போதும். அந்த வண்டி இங்கே திசை மாறும். எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டுவார்கள். வண்டி அறுபடாமல் முழுதாக வந்தது என்று காட்டும் பலகையையும் எடுத்துப் புதிய கடைசிப் பெட்டியில் தொங்கவிடுவார்கள். அவளுடைய பெட்டி இப்போது எஞ்சினுக்கு அடுத்தது.

"அதே வண்டிதாம்மா. வாங்க."

அவளை இழுக்கவில்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். பிளாட்பாரத்தில் இறங்கியதும் என் கால்கள் பழக்கதோஷத்தில் வால் பக்கம் திரும்பின. சீ என்று எஞ்சின் பக்கம் திருப்பினேன். வண்டி புறப்படச் சிக்னல் விழுந்துவிட்டது. முட்டி கெஞ்சியும் நிற்கவில்லை.

கண்ணில் கட்டோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார் அவர். அவள் ஏறிய சத்தம் கேட்டதும், "தண்ணி கெடச்சுதா?" என்றார்.

அவளுடைய பாட்டில் எங்கோ விழுந்திருந்தது. என்னுடையதை ஜன்னல் வழியே நீட்டினேன். வாங்கிக்கொண்டு, சொல்லாதீர்கள் என்று எனக்கு ஜாடை காட்டினாள். முகத்தைத் துடைத்தாள். மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"கெடச்சுது. கொழாய்லதான் கொஞ்சம் கூட்டம்."