மேலாளர் சொன்ன வரி

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முட்டிவலி குறைந்ததா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாளா? நான் சுகம். கோபம்தான் இன்னும் அடங்கவில்லை.

பண்டிகையன்று எங்கள் சலவைக்கூடத்தில் யாருக்கும் லீவு இல்லை. மதியம் மேலாளர் எங்களைப் புதுத்துணி உடுத்தச் சொல்லிப் படம் எடுத்து, எல்லோருக்கும் அனுப்பினார். "அவங்கவங்க ஃபேஸ்புக் பக்கத்துல போடுங்க. மேல 'இதுவும் என் குடும்பம்தான்'னு எழுதணும்" என்றார்.

வீட்டை விட்டு வந்த முதல் பண்டிகை அப்பா! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் குடும்பம் ஊரில் இருக்கிறது. எனக்கு லீவு கிடைக்கவில்லை" என்று எழுதிப் படத்தைப் போட்டேன்.

அரைமணியில் கூப்பிட்டார்.

"அந்த வரிய மாத்தும்மா."

"படம் உங்களோடது, எடுத்துடறேன். வரி என்னோடது சார்."

படத்தை நீக்கிவிட்டு வரியை மட்டும் மறுபடி போட்டேன். சாயங்காலத்துக்குள் கூட வேலை செய்யும் பதினோரு பேரும் அதையே போட்டுவிட்டார்கள். வேலைக்கு ஆபத்தில்லை, பயப்படாதீர்கள். அவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

அதைப் படித்து அம்மா அழுதாளாமே? அன்று வீட்டில் யார் யாரோடு சண்டை போட்டீர்கள் என்பதுவரை எழுதுங்கள். என் தட்டில் வேறு யாரும் சாப்பிட வேண்டாம்.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்