பூட்டிய கதவும் இறந்தகாலமும்

சிம்மக்கல், மதுரை
வியாழக்கிழமை

அன்புள்ள அன்னக்கொடிக்கு,

உனக்கும் நல்லகாமன் அண்ணனுக்கும் இறைவன் அமைதி தரட்டும். அண்ணனுக்கு முதுகுப் புண் ஆறுகிறதா? என் முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகும் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது. அதனால்தான் நான் வராமல் என் மகன் யாசீனிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். போனில் சொன்னால், "எனக்கு ஒண்ணுமில்லக்கா" என்று வைத்துவிடுவாய். இருபது வருடம் பக்கத்துப் பக்கத்து வகுப்பில் பாடம் நடத்தியவளுக்கு அது தெரியாதா?

அண்ணன் பக்கவாதத்தில் விழுந்தது முதல் நீ எழுதிவரும் கைப்பிரதியை இரண்டு முறை படித்தேன். உன் மகள் சுபலட்சுமி அதைப் பார்த்துவிட்டு, "அப்பா இருக்கும்போதே 'சிரித்தார், கேட்டார்'னு எழுதி முடிச்சுட்டியேம்மா" என்று அழுதாள் என்றாய். "எல்லாத்தையும் நிகழ்காலமா மாத்திக் குடுங்க, இல்லேன்னா அடுப்புல போட்ருங்க" என்றும் சொன்னாய். பிள்ளைக்குக் கோபம் வரும்தான். ஆனால், நேற்று யாசீன் நாலு பரோட்டா சாப்பிட்டான் என்று நான் எழுதினால், இன்று அவன் இல்லை என்றா ஆகிவிடும்?

இருந்தாலும் நீ கேட்டபடி மாற்றிப் பார்த்தேன். அண்ணன் குளியலறையில் விழும் முதல் அத்தியாயம் நிகழ்காலத்தில் நன்றாகவே இருக்கிறது. "தண்ணீர்ச் சத்தம் நிற்கிறது. கூப்பிடுகிறேன். பதில் இல்லை." அடுத்து என்ன என்று சொல்பவளுக்கும் தெரியாது, படிப்பவருக்கும் தெரியாது. மூச்சு முட்டுகிறது.

மூன்றாவதில்தான் சங்கடம். நீ எழுதியிருந்தாய்: "கஞ்சியைத் துப்பியதற்காக அவர்மேல் எரிந்து விழுந்தேன். தொண்டை விழுங்க மறந்துவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது." இதை "எரிந்து விழுகிறேன்" என்று மாற்றினால் அடுத்த வரிக்கு இடமே இல்லை. அந்த நிமிடத்தில் நிற்பவளுக்கு 'பிறகு' ஏது? அந்த வரியை அடித்துவிட்டேன். பார்த்தால், உன் கோபம் மட்டும் தாளில் நிற்கிறது. அதைப் புரிந்துகொண்டவளைக் காணோம்.

இறந்தகாலத்தில் இரண்டு அன்னக்கொடி இருக்கிறார்கள். ஒருத்தி அல்லாடுகிறாள். இன்னொருத்தி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அவளைப் பார்த்து, போனால் போகட்டும் என்கிறாள். அந்த இடைவெளி அண்ணனைச் சாகடிப்பதில்லை. உனக்கு மூச்சு விட இடம் தருகிறது. நிகழ்காலம் அந்த இரண்டாமவளை எடுத்துவிடுகிறது. "கஞ்சி ஊட்டுகிறேன்" என்றால் இன்றைக்கா, தினமுமா என்ற குழப்பம் வேறு.

எதிர்வீட்டு வெள்ளைத்துரை தன் விபத்தைச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். "திருமங்கலம் போனேன், டீ குடிச்சேன், வண்டிய எடுத்தேன்" என்று அழகாகச் சொல்லிக்கொண்டு வருவார். திடீரென்று, "பார்த்தா லாரி வருதுக்கா, மேல வருது!" என்பார். அந்த இடத்தில் மட்டும் அவர் கதை சொல்லவில்லை. மறுபடி அந்த ரோட்டில் நிற்கிறார்.

ஐந்தாம் அத்தியாயத்துக்கு வந்தபோது அவர் நினைவுதான் வந்தது, அன்னம். பக்கம் முழுக்க "துடைத்தேன், புரட்டினேன், மாத்திரை கொடுத்தேன்". நடுவில் நீயே நிகழ்காலத்தில் எழுதியிருந்த நாலு வரி: "வெளிக்கதவைப் பூட்டுகிறேன். அவர் உள்ளே கூப்பிடுகிறார். சாவி கையில் இருக்கிறது. பஸ் வரும் சத்தம் கேட்கிறது." உடனே அடுத்த பத்தியில், "மறுநாள் கஞ்சி வைத்தேன்."

பழக்கதோஷம், சிவப்புப் பேனாவால் 'பூட்டினேன்' என்று திருத்தப் போனேன். கை நின்றுவிட்டது. கால மயக்கம் என்று சுழித்து மதிப்பெண் குறைக்கிற பிழை இல்லை இது. நீ கதவைத் திறந்து உள்ளே போனதாக ஒரு வரிகூட எழுதவில்லை. தள்ளி உட்கார்ந்து பார்க்கிறவள் அந்த இடத்தில் எழுந்து ஓடிவிட்டாள். நீ இன்னும் சாவியோடு வாசலில்தான் நிற்கிறாய் என்று எனக்குப் படுகிறது. ஒவ்வொரு நாளும் நிற்கிறாயோ?

உன்னைக் குறை சொல்லவில்லை. ஒரு மனுஷி எம்புட்டுதான் தாங்குவாள்?

பிரதியைத் திருப்பி அனுப்புகிறேன். முதல் அத்தியாயம் நிகழ்காலத்தில் இருக்கட்டும், மற்றதெல்லாம் நீ எழுதியபடி இறந்தகாலத்திலேயே. அந்த நாலு வரியில் ஒரு புள்ளியைக்கூட நான் தொடவில்லை. சுபலட்சுமியிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இப்போது நான் சொல்வதைக் கேள். யாசீனோடு என் மருமகள் ஷைமாவும் வந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்ப்பவள். குழாயில் கஞ்சி கொடுக்க, புரட்டிப் படுக்க வைக்க, புண்ணுக்கு மருந்து போட எல்லாம் தெரியும். ஒரு வாரம் லீவு போட்டிருக்கிறாள். வீட்டுச் சாவியை அவள் கையில் கொடு. அண்ணனிடம், "ஷாஹீதாக்கா வீட்டுக்குப் போய்ட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு யாசீனின் காரில் ஏறு. துணிமணிகூட எடுக்க வேண்டாம். இங்கே வந்து தூங்கு. எழுதவும் வேண்டாம், எதுவும் பேசவும் வேண்டாம்.

சாப்பிடாமல் காத்திருக்கிறேன். அல்லாஹ் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அக்கா,
ஷாஹீதா