முதுகுவலி என்று சொன்ன அந்த வருஷம்

அன்பு மகள் சுட்டிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமா என்று கேட்டால் உனக்கு அழுகைதான் வரும், அதனால் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று மட்டும் கேட்கிறேன். இங்கே மூன்று நாளாக வெயிலும் இல்லை மழையும் இல்லை, ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெளுத்து மங்கிக் கிடக்கிறது, எதிர் மாடியில் காயப்போட்ட துணிகள் ஏதோ யோசனையில் ஆடுகிற மாதிரி ஆடுகின்றன. அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது. வீட்டில் திடீரென்று தூசி கூடிவிட்டது என்று என்னிடம் சண்டை, அது அங்கேயேதான் இருந்தது என்று சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறாள்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஆறு வாரமாக மாப்பிள்ளை முகம் கொடுத்துப் பேசுவதில்லை, வேலை விட்டு வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார், என்னை இன்னும் பிடிச்சிருக்கான்னு நீ கேட்டதற்குத் தெரியலை என்று சொல்லிவிட்டார், சனிக்கிழமை நீ தனி அறைக்குச் சாவி வாங்கப் போகிறாய். போகாதே என்று சொல்ல இதை எழுதவில்லை. அந்தத் தெரியலை என்ற வார்த்தையை ஒரு காலத்தில் நானும் சொல்லியிருக்கிறேன், அதற்குள்ளே என்ன இருந்தது என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

உனக்கு ஐந்து வயதாக இருக்கும்போது அப்பாவுக்கு முதுகுவலி என்று சொல்லி வைத்திருந்தோம், ஞாபகம் இருக்கிறதா, உன் பொம்மையின் தலையணையை எடுத்து வந்து என் முதுகுக்குப் பின்னால் சொருகிவிட்டுப் போவாய். எனக்கு முதுகு வலிக்கவே இல்லை கண்ணு. என்ன ஆயிற்று என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஒரு காரணமும் இல்லாமல் எல்லாமே தூரமாகப் போய்விட்டது, நீ சிரிப்பது தெரியும் ஆனால் பக்கத்து வீட்டிலிருந்து கேட்கிற மாதிரி இருக்கும், அம்மா எதிரே நிற்பாள், இவள் மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்று யோசித்துப் பார்ப்பேன், அந்த ஆசை இருந்த இடம் மட்டும் தெரியும். விடிவதற்கு வெகுநேரம் முன்பே முழிப்பு வந்துவிடும், சாப்பாட்டில் ருசி கிடையாது, நான் இல்லாவிட்டால் நீங்கள் இரண்டு பேரும் நிம்மதியாக இருப்பீர்கள் என்று ஒரு நினைப்பு நாள் முழுவதும் கூடவே நடந்து வரும். அம்மா கேட்டாள், என்மேல இருந்த பிரியம் போயிடுச்சா என்று. தெரியலை என்றேன், பொய் சொல்லவில்லை.

அவள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். கோபப்படவில்லை, அதுதான் கொடுமை. என்னை இழுத்துப் பிடிக்கக் கூடாது என்று நினைத்து என் சட்டைகளையெல்லாம் தேய்த்து மடித்துப் பெட்டியில் வைத்து, உங்க அண்ணன் வீட்ல கொஞ்ச நாள் இருந்துட்டு வாங்க என்றாள். நானும் சரி என்றேன், அப்போது எதற்கும் சரி என்றுதான் சொல்வேன். பெட்டியோடு அண்ணன் வீட்டுக்குப் போனோம், ஆறாவது மாடி. நான் லிஃப்ட் மெக்கானிக், உனக்குத் தெரியுமே, எந்தக் கட்டடத்தில் ஏறினாலும் கதவு மூடும்போது தலையைச் சாய்த்துக் கேட்பேன், உருளை தேய்ந்திருக்கிறதா, லிஃப்ட் தளத்தோடு சமமாக நிற்கிறதா என்று பார்ப்பேன், கல்யாண வீட்டில்கூட விடமாட்டேன். அம்மா லிஃப்டை என் மூத்த சம்சாரம் என்றுதான் கேலி செய்வாள். அன்று அண்ணன் வீட்டு லிஃப்ட் கதவு கிறீச்சென்று இழுத்துக்கொண்டு மூடியது, மேலே போய்த் தளத்துக்கு நாலு விரல் கீழே நின்றது, அம்மாவுக்கே கால் தடுக்கியது. நான் எதையும் கவனிக்காமல் என் பாட்டுக்கு வெளியே ஏறி நின்றேன். அம்மா என் முகத்தையே பார்த்தாள், அண்ணன் வீட்டு மணியை அடிக்காமல் அதே லிஃப்டில் என்னைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். என்னை மட்டும்னா சரி, மூத்தவளையும் விட்டுட்டாரே, அப்ப இது வேற ஏதோன்னு தோணுச்சு என்று பிற்பாடு சொன்னாள்.

நீயும் அதைத்தான் பார்க்கணும். மாப்பிள்ளை உன்னிடம் மட்டும் ஒதுங்குகிறாரா, இல்லை எல்லாவற்றிடமுமா. போனில் சதுரங்கம் ஆடுவாரே அந்தச் சிநேகிதரிடம், பால்கனியில் பிரித்துப் போடுகிற சைக்கிளிடம், அவர் தங்கையிடம். தூக்கம், பசி, தன்னைத் தானே திட்டிக்கொள்வது, சின்ன விஷயத்துக்கு எரிந்து விழுவது, எந்தச் சட்டை போடுவது என்று முடிவு செய்யத் தடுமாறுவது. அலுவலக விருந்தில் சிரித்தார் என்று எழுதியிருக்கிறாய், ஒரு சிரிப்பை வைத்து முடிவு கட்டாதே, நானும் வெளியே சிரித்துவிட்டுப் படியேறும்போது முகத்தைக் கழற்றி வைத்தவன்தான். மற்ற எல்லாவற்றிலும் உயிரோடு இருந்து உன்னருகில் மட்டும் வாரக்கணக்கில் வெறுமையாக இருந்தால் அது வேறு பேச்சு, அதுவும் நடக்கக்கூடியதுதான், இரண்டும் சேர்ந்தே இருக்கவும் கூடும். இங்கிருந்து நான் சொல்லிவிட முடியாது, நீயும் தனியாகக் கண்டுபிடித்துவிட முடியாது, டாக்டர் பார்க்கணும்.

எப்படிக் கேட்பது என்றால், அம்மா கேட்ட மாதிரி கேள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், துவைத்த துணியை இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தோம், முகத்துக்கு நேரே இல்லை. ஏன் இப்படி இருக்கீங்கன்னு கேட்கவில்லை. தன் கண்ணால் பார்த்ததை மட்டும் சொன்னாள், நாலு மணிக்கே எழுந்துடறீங்க, பாதி சாப்பாட்டை வச்சுடறீங்க, அந்த லிஃப்ட் கத்தினது உங்க காதுல விழலை, எனக்குக் கவலையா இருக்கு, என்னைப் பத்தி இப்ப கேக்கலை, உங்களுக்கு உள்ள எப்படி இருக்கு. அப்புறம் வாயை மூடிக்கொண்டாள். ஒரு போர்வை, இரண்டு துண்டு, உன் கவுன் எல்லாம் மடித்து முடிகிற வரை பேசவில்லை. பிறகுதான் எனக்கு வாய் திறந்தது. எல்லாம் கேட்டுவிட்டு, அதே குரலில், செத்துப் போயிடலாம்னு தோணுதா என்றாள். கேட்டால் அந்த நினைப்பை நாமே கிளப்பிவிடுவோமோ என்று நீ பயப்படுவாய், அப்படி ஆகாது, எனக்கு அன்றுதான் மூச்சே வந்தது. சில நாள் தோணுது என்றேன். எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கீங்களா என்றும் கேட்டாள், இல்லை என்றேன். அப்படியும் மறுநாளே மேஸ்திரியிடம் பேசி என்னை உயரத்து வேலையிலிருந்து ஆபீசுக்கு மாற்றி, டாக்டரிடம் நேரம் வாங்கிக் கூடவே வந்து உட்கார்ந்தாள். மாப்பிள்ளை ஆமாம் என்று சொன்னால் கத்தாதே, சத்தியம் வாங்காதே, தனியாக விடாதே, யோசித்தே வைத்திருக்கிறேன் என்றால் அந்த நிமிஷமே அவசர உதவிக்குக் கூப்பிடு.

எனக்கு ரத்தப் பரிசோதனை, மாத்திரை, வாரம் ஒரு தடவை ஒரு அம்மாளிடம் பேச்சு. மாத்திரை வேலை செய்யவே சில வாரம் ஆனது, முதலில் தூக்கம் வந்தது, அப்புறம் ருசி, ஆசை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வந்தது. ஏழு மாசம் கழித்து அந்த டாக்டர் வீட்டுக் கட்டடத்தில் லிஃப்ட் கதவு மூடும்போது, இதுக்கு உருளை மாத்தணும் என்றேன். அம்மா லிஃப்டுக்குள்ளேயே அழுதுவிட்டாள், கூட இருந்தவர்கள் கம்பி அறுந்துவிட்டதோ என்று பயந்துபோனார்கள்.

அதனால் சனிக்கிழமையைக் கொஞ்சம் தள்ளிப்போடு. பெரிய முடிவையெல்லாம் அவர் தெளிந்த பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து எடுங்கள், பிடிச்சிருக்கா என்ற கேள்வியை அப்போது கேட்க உனக்கு முழு உரிமை உண்டு. இல்லை என்று பதில் வந்தால் நம் வீட்டுக் கதவு திறந்தே இருக்கிறது, நீ ஒன்றும் தோற்று வரவில்லை. நடுவில் நீயும் யாரிடமாவது மனசு விட்டுப் பேசு, அவரைத் தூக்கிச் சுமக்கிறேன் என்று நீ படுத்துவிடாதே. தினம் ஒரு வேளையாவது சூடாகச் சாப்பிடு. தீர்க்காயுசாக, மன நிறைவாக இருப்பாய்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. என்மேல இருந்த பிரியம் போயிடுச்சா என்ற அந்தக் கேள்வியை அம்மா அப்புறம் என்னிடம் திரும்பக் கேட்கவே இல்லை, நானும் அவள் கேட்கவில்லையே என்று இருபத்து மூன்று வருஷமாகப் பதில் சொல்லாமல் இருந்துவிட்டேன். இதை ஒட்டிவிட்டு உள்ளே போய்ச் சொல்லப் போகிறேன்.

இப்படிக்கு,
முதுகுவலி இல்லாத உன் அப்பா