பதினேழு அங்குலச் சட்டை

என் பிரியமான செவிட்டு மச்சானுக்கு,

நாங்கள் இங்கே சுகம். சுகம் என்று எழுதிவிட்டேன், ஆனால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்குத் தலை கால் புரியவில்லை. இன்று புதன். இரண்டு நாளாக ஒரு பட்டன் கூட ஒழுங்காகத் தைக்கவில்லை. போனில் சொல்லியிருப்பேன். உன்னிடம் போனில் ஒன்றைச் சொல்வதும் தெருவில் மைக் கட்டிச் சொல்வதும் ஒன்றுதானே. இது மெதுவாகச் சொல்ல வேண்டிய விஷயம். அதனால்தான் கடிதம். எழுத்துப் பிழை இருந்தால் சிரிக்காதே. ஆறாம் வகுப்பில் என்னைப் பார்த்துக் காப்பி அடித்தவன் நீ.

மூன்று வாரத்துக்கு முன்னால் என் மகள் வாயாடி கடைக்கு வந்தாள். வெளிர் மஞ்சளில் ரெண்டரை மீட்டர் பருத்தித் துணி. கன்னத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றும், அவ்வளவு மெத்து. கூடவே ஒரு அளவுச் சீட்டு. மார்பு 17, உயரம் 10, கை 5. கீழே, என்றைக்குக் கொடுக்க வேண்டும் என்ற இடத்தில் ஏழு மாதம் தள்ளி ஒரு தேதி. “அப்பா, பொறுமையா தைங்க, அவசரமில்ல”ன்னு சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சீட்டை மடித்து டேபிள் கண்ணாடிக்கு அடியில் சொருகினேன். அவள் போய்விட்டாள்.

அப்புறம் சீட்டை எடுத்துப் பார்த்தேன் மச்சான். நாற்பத்தி மூன்று வருஷமாகப் பிறர் எழுதிக்கொண்டு வரும் அளவைத் திருத்தித் திருத்தியே பழகின கை. எவன் சரியாக எழுதினான்? பதினேழு அங்குல மார்பு எந்த ஆம்பிளைக்கு உண்டு? கூட்டிப் பார்த்தேன். மார்பில் இருபது சேர்த்தால் முப்பத்தேழு. உயரத்தில் இருபது சேர்த்தால் முப்பது. கையில் இருபது சேர்த்தால் இருபத்தைந்து. அச்சு அசலாக என் மாப்பிள்ளையின் அளவு. மாப்பிள்ளை கணக்கு வாத்தியார், அவர் வீட்டுச் சீட்டிலேயே எல்லாவற்றிலும் சரியாக இருபது குறைகிறது என்று தனியாக உட்கார்ந்து சிரித்தேன். இதை வைத்து ஒரு வருஷம் அவரை ஓட்டலாம் என்று சந்தோஷம் வேறு. ரெண்டரை மீட்டரும் போட்டு முழுக்கை வைத்து, ஏழு மாதத்து வேலையை மூன்று வாரத்தில் முடித்துவிட்டேன்.

ஞாயிறு காலை ரெண்டு பேரும் வந்தார்கள். உன் அக்காவும் வழக்கமில்லாமல் கடைக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். சட்டையை விரித்துக் காட்டி, “மாப்பிள்ளை, பசங்களுக்குக் கழித்தல் சொல்லித்தரலாம், அதுக்காக வீட்டுச் சீட்டுலயுமா கழிக்கிறது?”ன்னு கேட்டேன். மூன்று பேரும் சட்டையைப் பார்த்தார்கள். வாயாடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். மாப்பிள்ளை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்குகிறது. சிரிப்பென்றுதான் நினைத்தேன். திரும்பினால் கண்ணில் தண்ணீர்.

வாயாடி ஒரு சின்னப் படத்தை வெட்டுற மேசையில் வைத்தாள். கறுப்பாக, நடுவில் வெள்ளையாக ஏதோ. ஸ்கேன் படம் என்பது மட்டும் புரிந்தது, யாருக்கோ வியாதி என்று நினைத்துவிட்டேன். “யாருக்கு என்ன? எதுக்கு என்கிட்ட மறைச்சீங்க?”ன்னு கேட்டேன். அவள் என் அளவு டேப்பை எடுத்து, படத்துக்குப் பக்கத்தில் ரெண்டரை அங்குலத்தைக் காட்டினாள். “இவ்வளவுகூட இல்லப்பா. தலையிலேர்ந்து உட்காருற இடம் வரைக்கும் ஆறு சென்டிமீட்டர்தான். சட்டை இவங்களுக்கு.”

மச்சான், அந்த ஸ்டூலில் நான்தான் உட்கார வேண்டியதாகிவிட்டது. உன் அக்கா எழுந்து இடம் கொடுத்தாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அப்போதுதான் உறைத்தது. ஏழாவது வாரமே அவளுக்குத் தெரியும். முதல் ஸ்கேனில் இதயத் துடிப்பு தெரிந்த அன்று ரெண்டு அம்மாக்களுக்கு மட்டும் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு எதிரில் உட்கார்ந்து ஒன்றரை மாதம் சாப்பிட்டாள் மச்சான், ஒரு பருக்கை சிந்தவில்லை. “என்கிட்ட ஏன் சொல்லல?”ன்னு கேட்டேன். “உங்களுக்குத் தெரியாதா?”ன்னு கேட்டாள். அவ்வளவுதான்.

தெரியும். உனக்கும் தெரியும். போன தடவை ரெண்டு கோடு வந்த அன்றே எனக்குச் சொன்னார்கள். சாயங்காலத்துக்குள் கடைக்கு வந்தவன் போனவன் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்துவிட்டேன். ஒன்பதாவது வாரத்தில் அது தங்காமல் போனது. அது யாருடைய தப்பும் இல்லை என்று டாக்டரம்மா சொன்னார்கள். அதற்கப்புறம் நடந்தது என் தப்பு. ரெண்டு மாதம் கழித்து, பாவாடை தைக்க வந்த ஒரு அம்மா, கடையில் நின்ற வாயாடியிடம் சிரித்துக்கொண்டே, “இப்ப எத்தனாவது மாசம்மா?”ன்னு கேட்டாள். வாயாடி வெளியே போய்விட்டாள். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே இருந்தேன். கோக்கவே முடியவில்லை. அதிலிருந்து மூன்று மாதம் அவள் வேலைக்குப் பின்தெரு வழியாகத்தான் சுற்றிப் போனாள். இதை நான் உன்னிடம் சொன்னதில்லை.

இந்தத் தடவை எல்லாம் திட்டமாகச் செய்கிறார்கள். பன்னிரண்டு வாரம் முடிந்து பெரிய ஸ்கேன் எடுத்து, ரத்தப் பரிசோதனையும் நல்லபடியாக வந்த பிறகுதான் மற்றவர்களுக்கு. மொத்தம் பதினான்கு பேர். வாத்தியாரின் தோழன் ஒருவன் வீட்டில் நாலு வருஷமாகக் குழந்தைக்குத் தவிக்கிறார்கள். அவன் மனைவிக்கு மட்டும் முந்தின நாளே தனியாக எழுதினாளாம் வாயாடி, பதில் போட வேண்டாம், பேசத் தோணுகிறபோது பேசு என்று. அவளைக் கூட்டத்தில் வைத்துச் சிரிக்கச் சொல்லக் கூடாதாம். படத்தின் மூலையில் இருந்த பெயரையும் ஆஸ்பத்திரி நம்பரையும் மறைத்துத்தான் அனுப்புகிறார்கள். அவள் ஆபீசுக்கு இன்னும் தெரியாது. அவர்கள் எழுதினதை உனக்காக அப்படியே பார்த்து எழுதுகிறேன்:

‘நாங்கள் ரெண்டு பேரும் மூன்று பேர் ஆகப் போகிறோம். இதுவரை எல்லாம் நலம். எங்களுக்கு ரொம்ப நெருக்கமானவர்களுக்கு மட்டும் சொல்கிறோம். இப்போதைக்கு உங்களோடு இருக்கட்டும், எங்கேயும் போட வேண்டாம். கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது, நிறைய சந்தோஷமாகவும் இருக்கிறது.’

இந்தச் செய்தி எனக்கு வரவில்லை, சீட்டுதான் வந்தது. “உங்க கையால முதல் சட்டை வேணும்பா. சீட்டப் பாத்ததுமே கண்டுபிடிச்சிடுவீங்கன்னு நெனச்சேன். ஸ்கேன் முடிஞ்சதும் பேசிக்கலாம்னு இருந்தேன்”னாள். கண்டுபிடிக்கவே இல்லை, நான் ஒரு கழுதை. ஆறு குட்டிச் சட்டை வரக்கூடிய துணியில் வாத்தியாருக்கு ஒரு சட்டை. அவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். கையில் அரை அங்குலம் நீளம், மடித்துவிட்டுக்கொண்டார். நான் ஒரு வருஷம் ஓட்டலாம் என்று நினைத்தேன் இல்லையா, இப்போது அவர் என்னை ஓட்டுகிறார்.

கிளம்பும்போது வாயாடி சொன்னாள், “அப்பா, நீங்களும் ஒரே ஒரு ஆள்கிட்ட சொல்லிக்கலாம்.” உன்னைச் சொன்னேன். “என் தம்பிக்கா? அவனுக்குக் காதே கேக்காதே”ன்னாள் உன் அக்கா. அதனால்தான் என்றேன். அது விளையாட்டுக்குச் சொன்னது. வேறு யாரிடம் நான் சொல்வேன், சொல்லு.

நேற்று பக்கத்துக் கடைச் சைக்கிள்காரன் எட்டிப் பார்த்து, “என்ன பெரியவரே, பொம்மைக்குச் சட்டையா?”ன்னு கேட்டான். வெட்டிப்போட்ட மஞ்சள் துண்டுகளை ஒட்டுப்போட்டு நான் பதினேழு அங்குலத்தில் ஒன்று தைத்துக்கொண்டிருந்தேன். வாய் வரைக்கும் வந்துவிட்டது மச்சான். “ஆமா, பொம்மைக்கு”ன்னு சொல்லிவிட்டு மெஷினை ஓட்டினேன். அந்த இதயம் நிமிஷத்துக்கு நூற்றி அறுபது தடவை அடிக்கிறதாம். என் மெஷினை மெதுவாக மிதித்தால் வருகிற சத்தம் அது. இப்போது அப்படித்தான் மிதிக்கிறேன்.

சட்டைக்கு இன்னும் பட்டன் வைக்கவில்லை. சீட்டில் இருக்கிற தேதி வரட்டும்.

உன் சர்க்கரை மாத்திரையை மறக்காதே. இதைப் படித்துவிட்டுச் சட்டைப்பையில் வை, வீட்டில் யாராவது கேட்டால் மச்சான் என்னைத் திட்டி எழுதியிருக்கிறான் என்று சொல், நம்புவார்கள். நீ கும்பிடுகிற எல்லாரையும் கொஞ்சம் கூடுதலாகக் கும்பிடு. அந்தத் தேதி நல்லபடியாக வந்தால் நானே உனக்குப் போன் போடுவேன். அன்றைக்கு உன் தெரு முழுக்கக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
வாயைத் தைத்து வைத்திருக்கிற உன் மச்சான்