வாசலில் ஒரு ஹாய்

ஜூலை 7, திங்கள்

விடாத மழை. பள்ளி இருக்கும் பெஹாலாவில் முழங்கால் தண்ணீர். ஆட்டோக்காரர் பாதி வழியில் இறக்கிவிட்டார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம்.

கவுன்சலிங் அறையில் துப்பட்டாவைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு பெண். பதினொன்றாம் வகுப்பு. கையில் தண்ணீர் பாட்டில்.

"ஹாய்" என்றாள். அப்புறம் ஒன்றுமில்லை.

இங்கேகூட அவள் பெயர் வேண்டாம். நி. என்று இருக்கட்டும். அப்பா துறைமுகத்தில் அதிகாரி, தூத்துக்குடியிலிருந்து மாற்றல். அம்மாவை எனக்குத் தெரியும். இந்த ஊர்த் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் பார்த்திருக்கிறேன்.

நாக்கு நுனி வரை வந்துவிட்டது, "என்னம்மா, என்ன ஆச்சு?" விழுங்கினேன். அதைக் கேட்டால் "ஒண்ணுமில்ல மிஸ்" என்று போய்விடுவார்கள். "யார் அனுப்பினா?" அதைவிட மோசம். எழுந்து பக்கத்தில் போகவும் இல்லை. அவள் சொன்ன அதே குரலில் நானும் ஒரு ஹாய்.

"உள்ள வரலாம். அங்கயே நிக்கணும்னாலும் நில்லு. எனக்கு அவசரம் இல்ல."

நின்றாள். மழையில் நனைந்தாயா என்றேன். "கொஞ்சம்." மணி அடித்தது. "நாளைக்கு சாப்பாட்டு நேரத்துல இருப்பேன், கதவு திறந்துதான் இருக்கும்" என்று சொல்லி முடிப்பதற்குள் போய்விட்டாள்.

மாலை முழுக்க அதே யோசனை. கொஞ்சம் கூடுதலாகப் பேசியிருக்கலாமோ. வாங்க வேண்டியது: கொத்தமல்லி, குடை. இரண்டையும் மறந்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

வரவில்லை. சாப்பாட்டு நேரம் முழுக்க நாற்காலியைவிட்டு அசையவில்லை.

கூப்பிட்டு அனுப்பலாமா? வகுப்பில் எல்லார் முன்னாலும் "கவுன்சலர் கூப்பிடறாங்க" என்றால் பிறகு இந்தப் பக்கமே வரமாட்டாள். ஸ்டாஃப் ரூமில் விசாரித்தால் ஊருக்கே தெரியும். தாழ்வாரத்தில் சும்மா ஒரு நடை. தூரத்தில் பார்த்தேன், ஆய்வுக்கூடத்துப் படிக்கட்டில் தனியாக. பார்த்தும் நிற்காமல் தலையை மட்டும் அசைத்துவிட்டு வந்தேன்.

என் வேலையை மேற்பார்வை பார்க்கும் ஷர்மிளாதிக்கு (வங்காளியில் 'தி' என்றால் அக்கா) ஃபோன். பெயர் சொல்லாமல் விஷயம் மட்டும். "உனக்குத்தான் அவசரம், அவளுக்கு இல்ல" என்றார். "ஆனா ஒண்ணு. மறுபடி வந்தா இதமா பேசிட்டே இருந்துடாதே. கேக்க வேண்டியதைக் கேளு."

என் கணவன் ரகு நியூ டவுன் ஆபீஸிலிருந்து வந்ததும், "யாரு ஃபோனுக்குக் காத்துண்டிருக்கே?" என்றான். யாருமில்லை என்றேன்.

ஜூலை 9, புதன்

வந்தாள். மறுபடியும் வாசல், மறுபடியும் ஹாய்.

"ஹாய். திரும்பி வந்தியே, சந்தோஷம். கதவைச் சாத்தணுமா, திறந்தே இருக்கட்டுமா?"

பாதி என்றாள். கதவோரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் என் நாற்காலியைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டேன், நேருக்கு நேர் முறைக்க வேண்டாம் என்று.

"நீ எதுவும் சொல்ல வேண்டாம். முதல்ல இந்த ரூமைப் பத்தி நான் சொல்லிடறேன். இங்க பேசறது இங்கயே இருக்கும். ஆனா உன் உயிருக்கு ஆபத்து, யாராவது உன்னைத் துன்புறுத்தறாங்க, இல்ல உன்னால வேற யாருக்காவது ஆபத்து, இப்படின்னா நான் மட்டும் வச்சுக்க முடியாது. அப்பவும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்."

வெகுநேரம் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு, அதுவரை இருந்த ஆங்கிலத்தை விட்டு, தமிழில், "நீங்க எங்க அம்மாவோட வாட்ஸ்அப் குரூப்ல இருக்கீங்கல்ல?"

"இருக்கேன். வெளியில பார்த்தா நீயா பேசினாத்தான் பேசுவேன். என்னைத் தெரியும்கிறதால கஷ்டமா இருந்தா வேற கவுன்சலர் ஏற்பாடு பண்றேன். எனக்கு வருத்தம் இல்ல."

"வேண்டாம்."

இடைவெளியை நானே பேசி நிரப்பாமல் இருப்பதுதான் கடினம். காலை ஆட்டாமல் இருக்கப் பாடுபட்டேன்.

"சொல்றது கஷ்டமா இருக்கா, எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியலையா?"

"ரெண்டும்."

"பெரிய விஷயத்தை விடு. இன்னிக்குக் காலைல எழுந்ததுலேர்ந்து சொல்லு."

தோசை. பஸ். வகுப்பில் அவள் இந்தி பேசுவதை நடித்துக் காட்டி ஒரு வீடியோ, அதற்கென்றே ஒரு குரூப். சாப்பாடு படிக்கட்டில், பல நாள் சாப்பிடாமலே. அம்மாவிடம் சொன்னால் "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ, எல்லாம் பழகிரும்."

"பஸ்ல உக்காந்திருந்தேன். நான் இல்லாமப் போனா யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு தோணுச்சு."

கேட்டேன். சுற்றி வளைக்காமல். "செத்துப்போயிடலாம்னு தோணுதா?"

தலை நிமிர்ந்தது. பயந்ததுபோல் இல்லை, சுமையை இறக்கியதுபோல். "சில நேரம். இந்த வாரம் நிறைய."

எப்படி என்று யோசித்திருக்கிறாளா, எப்போது என்று யோசித்திருக்கிறாளா, முன்பு எப்போதாவது முயன்றாளா, வீட்டில் தனியாக இருக்கும் நேரம் எது. ஒவ்வொன்றாய், நிதானமாய். முயன்றதில்லை. யோசித்ததுண்டு.

"இது நான் மட்டும் வச்சுக்க முடியாத விஷயம், நி."

எழுந்துவிட்டாள். "அப்போ சொல்லியிருக்கவே கூடாது. நீங்களும் எல்லாரையும் மாதிரிதான்."

"கோவப்படு. நியாயம்தான். ஆனா உன்னைத் தனியா அனுப்பமாட்டேன். வீட்ல யார்கிட்ட முதல்ல? யார் சொல்றது, நீயா, நானா? எதைச் சொல்ல வேண்டாம்? இதையெல்லாம் நீ முடிவு பண்ணு."

கதவில் கை. போய்விடுவாள் என்றே நினைத்தேன். உட்கார்ந்தாள். அம்மாவிடம். நான் சொல்ல வேண்டும், அவள் பக்கத்தில் இருப்பாள். வீடியோ விஷயம் இப்போது வேண்டாம். "அம்மாகிட்ட அழக்கூடாதுன்னு சொல்லுங்க."

"அதுக்கு நான் உத்தரவாதம் தர முடியாது."

முதல்வருக்குத் தேவையான அளவு மட்டும் சொன்னேன். வீடியோவை நிறுத்துவது பள்ளியின் வேலை, ஆனால் அவள் சரி என்றபிறகு. அம்மா வரும்வரை இருவரும் அறையிலேயே.

அம்மா நனைந்து வந்தார். கேட்டதும், "என்னட்டி குறை வச்சோம் ஒனக்கு?"

"அதை அப்புறம் பேசலாம்" என்றேன். "இப்போ அவ கையை மட்டும் பிடிச்சுக்குங்க." பிடித்துக்கொண்டார். அழுதார். நி. ஜன்னலைப் பார்த்தாள், கையை எடுக்கவில்லை.

மூவருமாக எழுதியது: மனம் மோசமானால் முதலில் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது, இலவச உதவி எண். தனியாக விட வேண்டாம். வீட்டில் மாத்திரைகளைப் பூட்டி வைக்க வேண்டும். மனநல மருத்துவர், நாளைக்கே.

ஜூலை 10, வியாழன்

நி. விடுப்பு. காலை முழுக்க ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கவுன்சலர் செய்யக் கூடாதது. செய்தேன்.

மதியம் அம்மாவிடமிருந்து: "டாக்டர் பாத்துட்டோம். ராத்திரி எங்கூடதான் படுத்தா. பேசல. ரசஞ்சாதம் சாப்ட்டா."

குடை வாங்கினேன், கரியாஹாட் கடைத்தெருவில். இந்த ஊர்க் காற்றுக்குத் தாங்காது. தெரிந்தே வாங்கினேன்.

ஜூலை 11, வெள்ளி

தூறல். சாப்பாட்டு நேரத்தில் நி. டிஃபன் டப்பாவோடு.

"இன்னும் உங்க மேல கோவந்தான்."

"சரி."

"டாக்டர் அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்காங்க. அந்த வீடியோவை அம்மாகிட்ட நானே சொல்லிட்டேன். பிரின்சிபால்கிட்ட நீங்க சொல்லலாம்."

"நீ பக்கத்துல இருக்கணுமா?"

"யோசிக்கணும்." டப்பாவைத் திறந்தாள். "இங்க சாப்பிடலாமா?"

"சாப்பிடு."

எலுமிச்சை சாதம். பாதி சாப்பிட்டாள். என் பக்கமாக மூடியில் கொஞ்சம் தள்ளினாள். உப்பு தூக்கல். சொல்லவில்லை.