நீங்கள் தாக்குதல் ஆயுதம் என்று சொல்பவை

மாஸ்கோ, 1962 அக்டோபர் 23

நான் மொழிபெயர்ப்பாளராக இருக்கும் வானொலி நிலையத்தில் இன்று என் மேசைக்கு வந்தது அமெரிக்க அதிபரின் பேச்சு. கியூபாவில் நம் அணு ஏவுகணைகள் இருக்கின்றனவாம். இனி கப்பல்களைக் கடலிலேயே மறிப்பார்களாம். மொழிபெயர்த்துக்கொண்டே மாதங்களை எண்ணினேன். என் மகன் வாதிக் ராக்கெட் படையில் இருக்கிறான். ஜூலையில் கம்பளிக் காலணி கொடுத்து, வடக்கே என்றுதான் அனுப்பினார்கள். கப்பல் ஏறியதோ செவஸ்தபோலில். தெற்குத் துறைமுகத்திலிருந்து எந்தப் பனிக்குப் போவார்கள்? மூன்று மாதமாக எனக்கு இது உறைக்கவில்லையே, மடச்சி.

அக்டோபர் 25

நம் கப்பல்கள் சில நடுக்கடலில் திரும்பிவிட்டன. வாதிக் திரும்ப முடியாது. அவன் ஏற்கெனவே கியூபாக் கரையில்.

அக்டோபர் 27

துருக்கியில் இருக்கும் உங்கள் ஏவுகணைகளை எடுங்கள், நாங்களும் எடுக்கிறோம் — நம் தலைவரின் இந்தக் கடிதத்தை இன்று ஒலிபரப்பினோம். கியூபாவுக்கு மேலே பறந்த அவர்களுடைய உளவு விமானம் ஒன்று திரும்பவில்லையாம். சுட்டது யார்? வாதிக் இருக்கும் பக்கமா?

பக்கத்து மேசை ரிம்மா, "சாப்பிடுடி, செத்தா வெறும் வயித்தோடயா சாவ?" என்றாள். சிரிப்பு வரவில்லை. பயமா இருக்கு.

அக்டோபர் 28, ஞாயிறு

காலையிலேயே கூப்பிட்டுவிட்டார்கள். அமெரிக்கப் பதில் வந்திருந்தது. நேற்றைய கடிதத்துக்கு அல்ல, நம் தலைவர் வெள்ளிக்கிழமை எழுதிய, நாம் ஒலிபரப்பாத ஏதோ கடிதத்துக்கான பதில் அது! ஆயுதங்களை ஐ.நா. மேற்பார்வையில் அகற்றினால் மறிப்பை நீக்குவோம், கியூபா மேல் படையெடுக்க மாட்டோம். துருக்கி என்ற பேச்சே இல்லை.

பிறகு நம் தலைவரின் பதிலைக் காரில் கொண்டுவந்தார்கள். தந்தி போய்ச் சேர அரை நாள் ஆகும். அதற்குள் குண்டு விழுந்துவிட்டால்? அதனால் ஐந்து மணிக்கு வானொலியிலேயே. மொழிபெயர்க்க ஒரு பக்கம் எனக்கு. ஆயுதங்களைப் பிரித்து, பெட்டியில் அடைத்து, திருப்பிக் கொண்டுவர உத்தரவு. கண்ணீரோடு தட்டினேன்.

மேலதிகாரி இக்னாத்யேவிச் தாளைப் பார்த்து வெளுத்துப்போனார். "மூலத்துல 'நீங்கள் தாக்குதல் ஆயுதம் என்று சொல்பவை'ன்னு இருக்கு. வெறும் 'தாக்குதல் ஆயுதம்'னு அடிச்சிருக்கீங்களேம்மா. நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா?"

ஒரு வாரமாக அவர்கள் பேச்சையே மொழிபெயர்த்து, அவர்கள் வார்த்தை என் விரலில் ஏறிவிட்டது. திரும்ப அடித்தேன். ஐந்துக்கு இரண்டு நிமிடம்.

இதிலும் துருக்கி இல்லை. நேற்று கேட்டதை இன்று ஏன் விட்டோம்? எழுத்தில் வராத ஏதோ ஒன்று வாய்ச்சொல்லாக முடிந்திருக்கிறது.

நவம்பர் 10

திரும்பிவரும் நம் கப்பல்களின் மேல்தளத்தில் தார்ப்பாயை விலக்கிக் காட்டுகிறார்களாம், அமெரிக்க விமானங்கள் ஏவுகணைகளை எண்ணிக்கொள்ள. ஆட்களை யார் எண்ணுவார்கள்?

நவம்பர் 21

மறிப்பு நீங்கியது. வாதிக்கிடமிருந்து கடிதம் இல்லை.

1963 ஜனவரி 24

வாதிக் வந்து நான்கு நாள். எங்கே இருந்தான் என்று சொல்லக் கூடாதாம், கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

துருக்கியிலிருந்து ஏவுகணைகளை எடுக்கப்போகிறார்களாம். பழசாகிவிட்டதாம். சூப் குடித்துக்கொண்டிருந்தவனிடம் சொன்னேன். கரண்டி நின்றது.

"அப்ப நாங்க அங்க ராத்திரி பகலா நின்னது இதுக்குத்தானாம்மா..." என்றவன், சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

எங்கே என்று நான் கேட்கவில்லை. இன்னும் ஒரு கரண்டி சூப் ஊற்றினேன்.