பாதியில் நின்ற கதை

அன்புள்ள அக்கா,

உலக மக்களுக்கு முக்கிய அறிவிப்பு: இன்று வகுப்பில் முதலில் கை தூக்கியவன் உன் தம்பி!

டீச்சர் ஒரு கதை சொன்னார். பள்ளிக்கூட ஜன்னலை ஒருவன் உடைக்கிறான். பழி இன்னொருவன் மேல் விழுகிறது. அங்கேயே நிறுத்தி, "நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்றார்.

"உடனே உண்மையைச் சொல்லிடுவேன் டீச்சர்!" என்று முழங்கினேன். வகுப்பே பின்பாட்டுப் பாடியது.

வாயே திறக்காத கடைசி பெஞ்சுக்காரி மட்டும் எழுந்து, "நான் சொல்ல மாட்டேன் டீச்சர், பயமா இருக்கும்" என்றாள்.

"இன்னிக்கு வந்த முதல் உண்மை இதுதான்" என்றார் டீச்சர். "இப்ப சொல்லுங்க, எதுக்குப் பயம்? சொல்லாம விட்டா யாருக்கு வலிக்கும்?"

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது அக்கா. அத்தனை பேர் முன்னால் பயத்தை ஒத்துக்கொள்ள எவ்வளவு துணிச்சல்!

உன் மூக்குக்கண்ணாடியை உடைத்தது பூனை இல்லை. அம்மா துரத்திவிட்ட அந்தப் பாவப்பட்ட ஜீவன் இன்னும் வாசலில்தான் கிடக்கிறது. இதை முடித்ததும் அம்மாவிடம் சொல்லப் போகிறேன். பயமாக இருக்கிறது.

இப்படிக்கு,
கை தூக்கிய வீரன்